210 கேலிப்ரேஷன், ஒரு ஃபெயில்கூட இல்லை: இடைவெளியை இரண்டு வருடமாக்கலாமா?

அழுத்தக்கணக்கு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஆலையில் 42 பிரஷர் டிரான்ஸ்மிட்டர்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே மாடல், 0 முதல் 10 பார் வரை. எங்களுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை ±50 மில்லிபார். வருடத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து லேப் ஆட்கள் வந்து, கருவியைக் கழற்றாமல் இருக்கும் இடத்திலேயே கேலிப்ரேஷன் செய்துவிட்டுப் போவார்கள்.

கடந்த வாரம் உட்கார்ந்து 2020 முதல் 2024 வரையிலான சான்றிதழ்களை எல்லாம் புரட்டினேன். மொத்தம் 210. ஒன்றுகூட டாலரன்ஸை மீறவில்லை. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று நினைத்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போதும் என மேலாளரிடம் சொன்னேன். அவர், "பாஸ் ஆனதைச் சொல்கிறாய், எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லவில்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் கேட்பது டிரிஃப்ட் ஹிஸ்டரி. அதை எப்படித் தயாரிப்பது? சான்றிதழில் இருக்கும் பிழை மதிப்புகளை எக்செலில் போட்டால் போதுமா?

தணிக்கைநிழல்:

முதலில் ஒன்று. வருடத்துக்கு ஒரு முறை என்பது ஐஎஸ்ஓ விதி. லேப் ஒட்டிவிட்டுப் போகும் ஸ்டிக்கரில் அடுத்த தேதி இருக்கும், அதைத் தாண்டினால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வீர்கள். எங்கள் ஆலையில் நான்கு நாள் தாண்டியதற்கே ஒரு நான் கன்ஃபார்மிட்டி வாங்கினோம்.

அப்படியும் நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் படிக்கட்டு முறை இருக்கிறது. பாஸ் ஆனால் இடைவெளியை ஒரு படி கூட்டுங்கள், ஃபெயில் ஆனால் ஒரு படி குறையுங்கள். 210-க்கு 210 பாஸ் என்றால் தாராளமாக ஒரு படி ஏறலாம். எக்செல், கிராஃப் எதுவும் தேவையில்லை.

பழையபெஞ்ச்:

தணிக்கைநிழல் சார், அந்த நான் கன்ஃபார்மிட்டி வந்தது ஐஎஸ்ஓவை மீறியதற்காக இல்லை, உங்கள் சொந்த நடைமுறையில் நீங்களே எழுதி வைத்ததை மீறியதற்காக. ஐஎஸ்ஓ 9001:2015 கேட்பது குறிப்பிட்ட இடைவெளிகளில் அல்லது பயன்படுத்தும் முன் என்பது மட்டும்தான். எந்த இடைவெளி என்று அது சொல்வதில்லை. ஸ்டிக்கர் விஷயம் இன்னும் வேடிக்கை. லேப்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025:2017, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் ஒழிய, சான்றிதழிலோ லேபிளிலோ அடுத்த கேலிப்ரேஷனுக்கான இடைவெளியைப் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. ஆக அந்தத் தேதியை உங்கள் பக்கத்தில் யாரோ ஆர்டர் படிவத்தில் டிக் அடித்துக் கேட்டிருக்கிறார்கள். கருவி யாருடையதோ, இடைவெளியை முடிவு செய்யும் பொறுப்பும் அவருடையதுதான்.

அழுத்தக்கணக்கு, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. அந்த 210 மதிப்புகளும் எப்போது எடுக்கப்பட்டவை? கருவியில் யாரும் கை வைக்கும் முன்பா, திருத்திய பின்பா? டிரிஃப்ட் என்பது இந்த முறை கண்டதற்கும் போன முறை விட்டுச் சென்றதற்கும் உள்ள வித்தியாசம். திருத்திய பிறகு எடுத்த மதிப்பு மட்டும் சான்றிதழில் இருந்தால், லேப்காரர் ஒழுங்காக வேலை செய்தார் என்பதற்கு அது சாட்சி. கருவியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அழுத்தக்கணக்கு:

எல்லாச் சான்றிதழிலும் ஒரே ஒரு அட்டவணைதான் இருக்கிறது. குறிப்பில் "அட்ஜஸ்ட்மென்ட் எதுவும் செய்யப்படவில்லை" என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் கண்ட மதிப்பும் விட்ட மதிப்பும் ஒன்றுதானே? கையில் இருப்பது நல்ல டேட்டா என்றுதான் நினைக்கிறேன்.

ஷிஃப்ட்பி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் ஃபீல்டில் வேலை பார்ப்பவன். லேப் ஆள் எதையும் தொடவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் லேப் ஆள் வருவதற்கு முதல் நாள் உங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தீர்களா?

நான் முன்பு இருந்த இடத்தில், லேப் வருகிறது என்று தெரிந்தால் முந்தின ஷிஃப்டில் கம்யூனிகேட்டரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போவோம். மேனிஃபோல்டை மூடி, வென்ட்டைத் திறந்து, ஜீரோ டிரிம் அடித்துவிட்டு வந்துவிடுவோம். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமெல்லாம் இல்லை. ஃபெயில் ஆனால் விளக்கக் கடிதம் எழுத வேண்டியது நாங்கள்தான், அவ்வளவுதான் காரணம். அதை யாரும் எங்கும் எழுதி வைக்கவும் மாட்டோம்.

அழுத்தக்கணக்கு:

ஷிஃப்ட்பி அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. இன்று காலை எங்கள் டெக்னீஷியன்களிடம் மெதுவாகக் கேட்டேன். 36 கருவிகளுக்கு ஒவ்வொரு வருடமும் முதல் நாளே ஜீரோ டிரிம். மீதி ஆறு கலன்களின் உச்சியில் இருக்கின்றன. ஏணி ஏற வேண்டும் என்பதால் அவற்றை யாரும் தொட்டதில்லை.

தொடப்படாத அந்த ஆறில் ஒன்று, பி.டி-12. 10 பாரில் அதன் பிழை, மில்லிபாரில்: 2020-இல் +6, 2021-இல் +14, 2022-இல் +21, 2023-இல் +31, 2024-இல் +38. பூஜ்யத்தில் ஐந்து முறையும் +1-க்கு அருகிலேயே இருக்கிறது. லேப் தரும் அன்செர்ட்டன்ட்டி ±8. ஐந்து முறையும் பாஸ்.

அப்படியென்றால் மற்ற 36-இன் டேட்டா குப்பைதானா?

பழையபெஞ்ச்:

குப்பை இல்லை, பாதி பிழைத்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் பி.டி-12. உங்கள் கேள்விக்கான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

A பத்தியில் வருடங்களை 0, 1, 2, 3, 4 என்றும், B பத்தியில் பிழையையும் போட்டு இதை அடியுங்கள்.

```
=SLOPE(B2:B6,A2:A6)
=STEYX(B2:B6,A2:A6)
```

சரிவு 8.1 வரும். வருடத்துக்கு ஏறத்தாழ 8 மில்லிபார் மேலே போகிறது. இரண்டாவது சூத்திரம், புள்ளிகள் கோட்டிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும். அது 0.8 மட்டுமே. அதாவது அழகான நேர்கோடு.

இங்கே ஒருவர் எழுந்து, "லேப் அன்செர்ட்டன்ட்டியே ±8, வருட மாற்றமும் 8, பிறகு எப்படி அதை டிரிஃப்ட் என்று சொல்வாய்" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே ஒரு வருட மாற்றத்தை வைத்து நானும் சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு மாற்றங்களும் ஒரே திசையில், கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கின்றன. சிதறல் 0.8-தான் என்பதால், அந்த ±8-இன் பெரும்பகுதி ஒவ்வொரு வருடமும் பொதுவாக வரும் பிழை என்று தெரிகிறது. ஒரே ரெஃபரன்ஸ் கருவி, ஒரே முறை என்றால் அந்தப் பகுதி கழித்தலில் அடிபட்டுப் போகும்.

இப்போது இடைவெளிக்கு வருவோம். எல்லை 50. அன்செர்ட்டன்ட்டிக்கு 8 ஒதுக்கினால் மிச்சம் 42. கருவி இன்று +38-இல் நிற்கிறது. மிச்சமிருக்கும் இடம் 4 மில்லிபார், அதாவது அரை வருடம். எதுவும் செய்யாமல் நீங்கள் கேட்டபடி இரண்டு வருடம் கொடுத்தால் 38-உடன் 16 சேர்ந்து 54 ஆகும். ஐந்து முறை பாஸ் ஆன அதே கருவி ஒன்றரை வருடத்தில் வெளியே போய்விடும். உங்கள் பாஸ், ஃபெயில் பட்டியல் அதைக் கடைசி நாள் வரை காட்டியிருக்காது.

அதே கருவியை இன்று +1 அளவுக்குத் திருத்திவிட்டு 8.1 வேகத்தில் நகரவிட்டால், 42-ஐத் தொட ஐந்து வருடம் ஆகும். வேகம் இரு மடங்காகிவிட்டது என்று பயந்து கணக்குப் போட்டாலும் இரண்டரை வருடம் தாங்கும். ஆகவே இதற்கு இரண்டு வருடம் கொடுக்கலாம், ஆனால் திருத்திய பிறகுதான். எப்போது திருத்துவது என்பதை விட்டுவிட்டு எத்தனை மாதம் என்று மட்டும் கேட்டால் பதில் வராது.

நீளக்கைப்பிடி:

எனக்கும் இதே பிரச்சினைதான். எங்களிடம் டார்க் ரென்ச்சுகள் இருக்கின்றன. ஒன்றை வருடத்தில் மூன்று முறைகூட எடுப்பதில்லை, இன்னொன்று அசெம்பிளி லைனில் ஓயாமல் ஓடுகிறது. இரண்டுக்கும் வருடம் ஒரு முறைதான். பெட்டிக்குள் தூங்கும் ரென்ச்சுக்குக் கேலிப்ரேஷனையே நிறுத்திவிடலாம் என்றுதானே இங்கே சொல்ல வருகிறீர்கள்?

பழையபெஞ்ச்:

இல்லை, நிறுத்துவது பற்றி இங்கே யாரும் பேசவில்லை. ஆனால் உங்கள் உதாரணம் நல்ல உதாரணம், ஏனென்றால் அங்கே தேய்மானத்துக்குக் காரணம் நாட்காட்டி இல்லை, கிளிக்குகளின் எண்ணிக்கை. ஐஎஸ்ஓ 6789-1:2017-உம் பயனரிடம் சொந்தக் கட்டுப்பாட்டு முறை இல்லாவிட்டால் 12 மாதம் அல்லது 5000 சுற்று, எது முதலில் வருகிறதோ அது என்றுதான் வைத்திருக்கிறது. லைனில் ஓடும் ரென்ச் 5000-ஐ எத்தனை வாரத்தில் தொடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கும். தூங்கும் ரென்ச்சை எடுத்துப் பயன்படுத்தும் முன் கேலிப்ரேட் செய்வது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்பிரிங்கைத் தளர்த்தாமல் இறுக்கிய நிலையிலேயே பெட்டியில் வைத்திருந்தால் அது தூங்கவில்லை.

நீளக்கைப்பிடி:

எண்ணினேன். ஒரு ஷிஃப்டுக்கு 300. ஒன்றும் சொல்வதற்கில்லை.

தணிக்கைநிழல்:

ஸ்டிக்கர் விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஆர்டர் படிவத்தில் அந்த டிக் இருக்கிறது. ஆனால் படிக்கட்டு முறையை நான் கற்பனையில் சொல்லவில்லை. ஐலாக் ஜி24 வழிகாட்டியிலேயே இருக்கிறது.

பழையபெஞ்ச்:

இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே பாஸ் ஆனால் ஏறு என்று சொல்லப்படவில்லை. பிழை அனுமதித்த அளவில் உதாரணமாக 80 சதவீதத்துக்குள் இருந்தால் நீட்டலாம், எல்லையை மீறினால் குறைக்கலாம் என்பதுதான் அதன் சாரம். நீங்கள் அந்த 80-ஐ விட்டுவிட்டீர்கள், அதில்தான் எல்லாமே இருக்கிறது. இங்கே 80 சதவீதம் என்றால் 40 மில்லிபார். பி.டி-12 இன்று 38. அசல் விதியின்படியே போனாலும் அது நூலிழையில் படியேறி, நடுவழியில் விழும். ஏனென்றால் படிக்கட்டு கருவி எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்க்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்று பார்ப்பதில்லை. நூற்றுக்கணக்கான கருவிகளை ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ளும் இடத்தில் அது பயன்படும். கையில் ஐந்து வருட எண்களை வைத்துக்கொண்டு அதைப் பயன்படுத்துவது கண்ணைக் கட்டிக்கொள்வது போல.

சரி, அந்த 36. ஜீரோ டிரிம் அடித்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு மேலே அல்லது கீழே நகரும். ஆகவே 10 பார் பிழையிலிருந்து 0 பார் பிழையைக் கழித்தால் வருவது ஜீரோ டிரிமால் பாதிக்கப்படாது. ஸ்பானில் யாரும் கை வைக்காதவரை அந்த வித்தியாசத்தின் வரலாறு முழுதாக உங்களிடம் இருக்கிறது. பூஜ்யத்தின் வரலாறு மட்டும்தான் போய்விட்டது. 36-க்கும் கழித்து, வருட மாற்றத்தைப் போட்டுக் காட்டுங்கள்.

அழுத்தக்கணக்கு:

கம்யூனிகேட்டரில் ஸ்பான் டிரிமுக்கு ரெஃபரன்ஸ் பிரஷர் வேண்டும் என்பதால் யாரும் அதைச் செய்ததில்லை என்று உறுதியாகச் சொன்னார்கள். அதனால் கழித்துப் போட்டேன்.

36 கருவிகளின் வருட மாற்றத்தை வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுத்தேன். 2021, 2022, 2024 மூன்றிலும் பூஜ்யத்திலிருந்து 1 மில்லிபாருக்குள் இருக்கிறது. 2023-இல் மட்டும் +3. ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் அந்த ஒரு வருடம் சேர்ந்தாற்போல் மேலே போயிருக்கின்றன. அந்த வருடம் ஆலையில் சிறப்பாக ஒன்றும் நடக்கவில்லை. இது என்ன?

வெள்ளைக்கோட்டு:

நான் லேப் பக்கத்து ஆள். ஒரே நாளில் 36 டிரான்ஸ்மிட்டர்கள் மனமொத்து நகராது. நகர்ந்தது ரெஃபரன்ஸ்தான். 2022 சான்றிதழையும் 2023 சான்றிதழையும் பக்கத்தில் வைத்து, பயன்படுத்திய ஸ்டாண்டர்டின் சீரியல் எண்ணையும் அதன் சான்றிதழ் எண்ணையும் பாருங்கள். ஒன்று கருவியே மாறியிருக்கும், அல்லது அதே கருவி புதிதாகக் கேலிப்ரேட் ஆகித் திருத்தப்பட்டிருக்கும். ±8 என்று அறிவித்திருக்கும் இடத்தில் 3 மாறுவது எங்கள் தரப்பில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் டிரிஃப்ட் வரைபவருக்கு அது ஒரு பொய்யான படி.

அழுத்தக்கணக்கு:

சீரியல் எண் மாறியிருக்கிறது. 2023 முதல் வேறு ரெஃபரன்ஸ்.

பழையபெஞ்ச்:

அப்படியானால் பி.டி-12-இன் கடைசி இரண்டு மதிப்புகளிலிருந்தும் 3-ஐக் கழித்துவிட்டுத் திரும்ப சரிவைப் பாருங்கள். 6, 14, 21, 28, 35. சரிவு 8.1-இலிருந்து 7.2 ஆகும். வருட மாற்றங்கள் 8, 7, 7, 7. முன்பு 2022-இலிருந்து 2023-க்கு 10 என்று ஒரு துள்ளல் இருந்ததே, அது ரெஃபரன்ஸின் துள்ளல்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கழித்தல் வேகத்தைக் கண்டுபிடிக்க மட்டும்தான். கருவி இன்று +38-இல் நிற்கிறதா +35-இல் நிற்கிறதா என்பதை இது சொல்லாது, பழைய ரெஃபரன்ஸ் சரியா புதியது சரியா என்று நமக்குத் தெரியாதே. இருப்பிடத்துக்கு +38-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

ரெஃபரன்ஸ் மாறியதைச் சரிபார்க்காமல் நேரே கோடு போட்டிருந்தால் 36 கருவிகளும் மெதுவாக ஏறுகின்றன என்ற முடிவுக்கு வந்திருப்பீர்கள். நானே ஒரு முறை அப்படி ஒரு அறிக்கை எழுதி, ஒரு முழு மாடலையே மாற்றச் சொன்னேன். நல்ல வேளையாக யாரும் கேட்கவில்லை.

எண்ணிக்கை:

ஐந்து புள்ளிகளை வைத்துக்கொண்டு இவ்வளவு நம்பிக்கையா என்று தோன்றுகிறது. ஒரே மாடல், ஒரே ஆலை, 42 கருவிகள். எல்லாவற்றையும் ஒரே குழுவாக எடுங்கள். இடைவெளியின் முடிவில் 95 சதவீதம் டாலரன்ஸுக்குள் இருக்க வேண்டும் என்று இலக்கு வையுங்கள். 210-இல் ஃபெயில் பூஜ்யம் என்றால், மூன்றை 210-ஆல் வகுத்தால் 1.4 சதவீதம். உண்மையான ஃபெயில் விகிதம் அதற்கு மேல் இருக்க வாய்ப்பு குறைவு. இலக்குக்கு வெகு கீழே. தனித்தனியாகப் பார்ப்பதைவிட இது உறுதியான எண்.

பழையபெஞ்ச்:

அந்த 1.4 எந்தக் கேள்விக்குப் பதில் என்று யோசியுங்கள். 210-உம் ஒரு வருட இடைவெளியில் எடுத்தவை. வருடம் ஒரு முறை செய்தால் ஃபெயில் குறைவு என்பதுதான் அதன் பொருள். இரண்டு வருடம் விட்டால் என்ன ஆகும் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை, ஏனென்றால் எந்தக் கருவியையும் இரண்டு வருடம் விட்டுப் பார்த்ததே இல்லை. அதுவும் 36 கருவிகள் முதல் நாளே ஜீரோ அடிக்கப்பட்டவை. அப்புறம் 210 என்பது 42 கருவிகளை ஐந்து முறை பார்த்தது. அவை ஒன்றையொன்று சாராத 210 சோதனைகள் இல்லை.

குழுவாக எடுத்தால் பி.டி-12 சராசரிக்குள் மறைந்துவிடும் என்பது என் முக்கியமான பயம்.

எண்ணிக்கை:

முதல் மூன்றும் சரி. சராசரிக்குள் மறைந்துவிடும் என்ற கடைசியை ஏற்க மாட்டேன். குழுவாக எடுப்பது என்றால் சராசரியில் கரைப்பது என்று அர்த்தமில்லை. பாஸ், ஃபெயிலை விட்டுவிட்டு 42 கருவிகளின் சரிவுகளை வரிசையாக வைத்தால் பி.டி-12 தனியாகத் தெரியும். மற்ற 41-க்கும் தனித்தனி ஐந்து புள்ளிக் கோடு போடுவதைவிட ஒரு பொதுச் சிதறல் நம்பத்தக்கது. விலகி நிற்பதைப் பிரித்து எடுங்கள், மீதியைக் குழுவாக வையுங்கள்.

பழையபெஞ்ச்:

விலகி நிற்பதை யார் முடிவு செய்வது என்பதில்தான் சண்டை வரும். இருந்தாலும் உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, கொஞ்சம் யோசிக்கிறேன்.

அழுத்தக்கணக்கு:

இன்னொரு கருவி குழப்புகிறது. பி.டி-31, இதுவும் ஏணி மேலே இருப்பது, யாரும் தொடாதது. 10 பாரில்: −14, +17, −8, +19, −11. இது நிலையில்லாமல் ஆடுகிறது என்பதால் ஆறு மாதமாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்குத் திருத்தச் சொல்லலாமா?

பழையபெஞ்ச்:

இரண்டுமே வேண்டாம். இதில் சரிவே இல்லை. காலத்தோடு வளராத ஒன்றுக்கு இடைவெளியைக் குறைத்துப் பயனில்லை. ஒரு மாதத்தில் பார்த்தாலும் மூன்று வருடத்தில் பார்த்தாலும் அதே ஆட்டம்தான் இருக்கும்.

திருத்துவது இன்னும் மோசம். இந்த ஐந்து எண்களின் திட்டவிலக்கம் சுமார் 16. இரு மடங்கு 32, உங்கள் 42-க்குள் அடங்குகிறது. ஆட்டம் தற்செயலானது என்றால், ஒவ்வொரு முறையும் கண்ட பிழையைப் பூஜ்யமாக்கும்போது அன்றைய ஆட்டத்தை நிரந்தரமாகக் கருவிக்குள் எழுதிவிடுகிறீர்கள். அடுத்த முறை பார்ப்பது இரண்டு ஆட்டங்களின் வித்தியாசம். திட்டவிலக்கம் 16-இலிருந்து ஏறக்குறைய 23-க்குப் போகும், இரு மடங்கு 45. உள்ளே இருந்த கருவியைத் திருத்தித் திருத்தியே வெளியே தள்ளிவிடுவீர்கள்.

ஆனால் இது தற்செயல்தானா என்று எனக்குச் சந்தேகம். ஒன்று விட்டு ஒன்று குறி மாறுகிறது. ஏதோ ஒரு நிலைமை மாறி மாறி வருகிறது.

ஷிஃப்ட்பி:

அந்த ஏணி மேற்குப் பக்கமா? லேப் ஆள் காலையில் ஏறினாரா மதியம் ஏறினாரா என்று பாருங்கள்.

அழுத்தக்கணக்கு:

சான்றிதழில் சுற்றுப்புற வெப்பநிலை எழுதியிருக்கிறார்கள், இத்தனை நாள் அந்தக் கட்டத்தைப் பார்த்ததே இல்லை. வரிசையாக 24, 39, 26, 41, 25 டிகிரி. மேற்குப் பக்கம்தான். மதிய வெயில் நேராக ஹவுசிங்கில் விழுகிறது.

பழையபெஞ்ச்:

ஷிஃப்ட்பிக்கு ஒரு காபி. அப்படியென்றால் இது இடைவெளிப் பிரச்சினையே இல்லை, ஒரு தகரக் கூரைப் பிரச்சினை. அதே மாடல் நிழலில் இவ்வளவு ஆடவில்லை என்றால் இந்தக் கருவியின் வெப்ப ஈடுசெய்தலும் சரியில்லையா என்று பார்க்க வேண்டும். அதுவரை வருடம் ஒரு முறையே இருக்கட்டும், எந்த வெப்பநிலையில் செய்தார்கள் என்பதையும் டிரிஃப்ட் ஷீட்டில் ஒரு பத்தியாகச் சேருங்கள்.

தணிக்கைநிழல்:

யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கருவி எல்லைக்கு வெளியே என்று கண்டுபிடித்தால், கடைசியாக நன்றாக இருந்த நாள் வரை பின்னோக்கிப் போய், அந்தக் கருவியை நம்பி வெளியே விட்ட எல்லா பேட்ச்களையும் ஆராய வேண்டும். இடைவெளியை இரண்டு வருடமாக்கினால் அந்தப் பின்னோக்கும் வேலையும் இரண்டு வருடம். ஒரு முறை செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கேலிப்ரேஷனில் மிச்சமாகும் வேலை எல்லாம் அங்கே போய்விடும்.

பழையபெஞ்ச்:

இந்த இழையில் வந்த மிகச் சரியான எதிர்வாதம் இதுதான் சார். அதனால்தான் இடைவெளியை நீட்டும் எல்லாக் கருவிக்கும் நடுவில் ஒரு எளிய சோதனை வேண்டும். கேஜ் டிரான்ஸ்மிட்டர் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வென்ட் செய்து பூஜ்யத்தைப் படித்து எழுதலாம். ரெஃபரன்ஸ் எதுவும் தேவையில்லை. படிப்பது மட்டும்தான், டிரிம் அடிக்கக் கூடாது.

ஆனால் அது பூஜ்ய நகர்வை மட்டும்தான் பிடிக்கும். பி.டி-12-க்கு ஐந்து வருடமும் பூஜ்யம் +1-இலேயே இருந்தது, ஸ்பான்தான் ஓடியது. ஆகவே இது போன்ற கருவிக்கு வென்ட் சோதனை கண்துடைப்பு. ஓடும் அழுத்தத்தில் பக்கத்தில் இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது பெரிய பிழையைத்தான் காட்டும், 10 அல்லது 15 மில்லிபார் நகர்வைக் காட்டாது.

அழுத்தக்கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. மேலாளரிடம் இப்படிக் கொடுத்திருக்கிறேன். 36 கருவிகளுக்கும் இந்த வருடம் இடைவெளியை நீட்டவில்லை. முன்னதாக டிரிம் அடிப்பதை நிறுத்தி, இரண்டு முறையாவது உண்மையான கண்ட மதிப்பு வந்த பிறகுதான் பூஜ்யத்தைப் பற்றிப் பேச முடியும். டிரிம் அடிக்காமல் ஃபெயில் ஆனால் டெக்னீஷியன் விளக்கக் கடிதம் எழுத வேண்டியதில்லை என்பதையும் எழுதி வாங்கிவிட்டேன், இல்லாவிட்டால் பழக்கம் போகாது. பி.டி-12-ஐத் திருத்திவிட்டு இரண்டு வருடம். பி.டி-31-க்குக் கூரை. உச்சியில் இருக்கும் மற்ற நான்கும் வருடத்துக்கு 2 மில்லிபார்கூட நகரவில்லை, எல்லாம் ±10-க்குள் நிற்கின்றன. அவற்றுக்குத் திருத்தாமலேயே இரண்டு வருடம், நடுவில் வென்ட் சோதனை.

ஆக 42-இல் இப்போது ஐந்துக்கு மட்டும்தான் நீட்டிப்பு. மேலாளர் சிரித்தார்.

எண்ணிக்கை சொன்ன குழு முறையை 36-க்கும் இரண்டு வருடம் கழித்துப் போட்டுப் பார்ப்பேன். பி.டி-12-ஐத் திருத்தும்போது +1-க்குக் கொண்டு வருவதா, அல்லது மேலேதான் ஓடும் என்று தெரிந்திருப்பதால் −15-இல் வைத்துவிடுவதா என்று லேப்காரர் கேட்கிறார். அப்படிச் செய்யலாமா?

எண்ணிக்கை:

சரிவு உறுதி என்றால் −15 வைப்பதுதான் கணக்குப்படி நல்லது. நடுவைத் தாண்டிப் போகும், எல்லையிலிருந்து எப்போதும் தூரத்தில் இருக்கும்.

பழையபெஞ்ச்:

நான் வைக்க மாட்டேன். தெரிந்தே பிழையான கருவியை ஆபரேட்டர் கையில் கொடுப்பது ஒன்று. சென்சாரை மாற்றினாலோ, ஓட்டம் நின்றுவிட்டாலோ அந்த −15 ஏன் இருக்கிறது என்று யாருக்கும் நினைவிருக்காது என்பது இன்னொன்று.

வெள்ளைக்கோட்டு:

எங்களிடம் இரண்டு விதமாகவும் கேட்பவர்கள் வருகிறார்கள். எது கேட்டாலும், திருத்தும் முன் கண்ட மதிப்பைத் தனி அட்டவணையாகச் சான்றிதழில் போட வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். திருத்தும் முன்னும் பின்னும் உள்ள முடிவுகள் கையில் இருந்தால் தர வேண்டும் என்றுதான் 17025 சொல்கிறது. முன் மதிப்பை எடுக்கச் சொல்லாவிட்டால், எங்கள் ஆள் நேரே திருத்திவிட்டுப் பின் மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்.